மாடு ஏன் படுத்துக்கொண்டு அசைபோடுகிறது? விழுங்கிய தீனி எப்படி வாய்க்குத் திரும்புகிறது?

கயல்விழி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மாடு அசைபோடுவதைப் பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் அருகில் அமர்ந்து ஒரு பசுவின் கழுத்தையே கவனித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பல ஐயங்கள் எழுந்தன. படுத்திருந்த அந்தப் பசு வாயில் இருந்ததை விழுங்கியதும் கழுத்தின் இடப்பக்கத்தில் ஒரு புடைப்பு கீழ்நோக்கி இறங்கியது. அதன்பின் சில வினாடிகள் தாடை அசையவே இல்லை. பிறகு மூச்சை இழுப்பதுபோல விலா ஒருமுறை சட்டென அசைந்தது. உடனே அதே இடத்தில் ஒரு புடைப்பு விரைவாக மேலேறி வாய்க்குப் போனது. வாய்க்கு வந்த கணமே எதையோ ஒருமுறை விழுங்கிவிட்டு மெல்லத் தொடங்கியது. எண்ணிப் பார்த்தேன், ஒரு வாய்க்கு ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட தடவை மென்றது, அதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடித்தது.

இது வாந்திக்கு நிகரான ஒன்றா? அப்படியானால் மாட்டுக்குத் துன்பமாக இருக்காதா? எப்படியும் மெல்லப்போவதை முதலிலேயே நன்றாக மென்று விழுங்கினால் என்ன? இதற்குப் படுத்தே ஆக வேண்டுமா? அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

இளம்பரிதி

இதற்கான விடை எளியது என்றே நினைக்கிறேன். மாட்டின் முன்னோர்கள் திறந்த புல்வெளியில் மேய்ந்தவை. குனிந்து மேயும்போது கொன்றுண்ணும் விலங்குகள் வருவதைக் கவனிப்பது கடினம். ஆகவே கிடைத்ததை அவசரமாக விழுங்கி, முதல் வயிற்றைச் சேமிப்பறையாகப் பயன்படுத்திக்கொண்டு, பாதுகாப்பான இடத்தில் படுத்து, விழுங்கியதை எல்லாம் திரும்பக் கொண்டுவந்து மெல்கின்றன. மென்று முடித்தது வேறொரு வயிற்றுக்குப் போய்ச் செரிக்கிறது. பள்ளியில் நாங்கள் படித்ததும் இதுவே.

தொழுவ மருத்துவர்

கால்நடை மருத்துவத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். இளம்பரிதி அவர்கள் சொன்னதில் பாதி சரி. மேயும்போது விரைவாக விழுங்கிவிட்டு ஓய்வில் மெல்வது மாட்டுக்குப் பாதுகாப்பளிக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் முதல் வயிறு சேமிப்பறை அன்று. விழுங்கியது எல்லாம் திரும்புவதும் இல்லை, மென்று விழுங்கியது நேராக வேறு வயிற்றுக்குப் போவதும் இல்லை. அது மறுபடியும் அதே பெருவயிற்றில்தான் விழுகிறது.

வளர்ந்த மாட்டின் பெருவயிறு நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடியது. வயிற்றறையின் இடப்பக்கம் முழுவதையும் அதுவே நிரப்பியிருக்கிறது. அதன் முன்புறம், உதரவிதானத்தை ஒட்டித் தேன்கூட்டு வயிறு இருக்கிறது. இரண்டுக்கும் இடையே கதவு எதுவும் கிடையாது. தாழ்ந்த ஒரு மடிப்பு மட்டுமே உண்டு, அதைத் தாண்டி உள்ளே இருப்பது இங்கும் அங்கும் புரண்டுகொண்டே இருக்கும். உணவுக்குழாய் இவ்விரண்டும் சேரும் இடத்தில் திறக்கிறது.

இனி ஒரு வைக்கோல் துண்டைப் பின்தொடர்வோம். தின்னும்போது மாடு அதை மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு முறித்து, உமிழ்நீரோடு உருட்டி விழுங்கிவிடுகிறது. உள்ளே போன துண்டு மூழ்குவதில்லை. அதனுள் காற்று இருக்கிறது. போதாக்குறைக்கு நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கியதும் எழும் வாயுக்குமிழிகளும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. எனவே அதைப் போன்ற ஆயிரக்கணக்கான துண்டுகளோடு பின்னிக்கொண்டு, நீர்மத்தின் மேல் ஒரு பாய்போல மிதக்கிறது. நுண்ணுயிர்களுக்கு வைக்கோலின் வெளித்தோல் பெருந்தடை. மெழுகு படிந்த அந்தத் தோலைத் துளைத்துச் செல்ல அவற்றால் ஏறக்குறைய முடியாது. முறிந்த முனைகள், கீறல்கள் ஆகியவற்றின் வழியாகத்தான் உட்புறத்தை அடைகின்றன. இரண்டாம் முறை மெல்லும்போது அந்தத் தோல் நசுங்கிப் பிளந்து உட்புறம் வெளிப்படுகிறது. அசைபோடுவதன் முதல் பயன் அதுதான். நுண்ணுயிர்களுக்கு வழி திறந்துவிடுவது.

மென்று விழுங்கப்பட்ட துண்டு மறுபடியும் பெருவயிற்றில் விழுந்து, மேலும் நொதித்து, மேலும் ஒருமுறை வாய்க்கு வரக்கூடும். சிறுகச் சிறுக அது நொறுங்கும்போது அதிலுள்ள வாயு வெளியேறிக் கனம் கூடுகிறது. கனம் கூடியதும் கீழே இறங்கித் தேன்கூட்டு வயிற்றின் அடிப்பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து மூன்றாம் வயிறான ஏட்டு வயிற்றுக்குப் போகும் துளையைக் கடக்கிறது. பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுத்தவையே அதைக் கடக்கின்றன. ஆனால் அந்தத் துளை அவ்வளவு சிறியது என்று எண்ணிவிட வேண்டாம். விரல்கள் நுழையும் அளவுக்கு அது விரியும். அதாவது, நீளமான துண்டுகளைத் தடுத்து நிறுத்துவது துளையின் அளவு அன்று. அவை மிதந்துகொண்டிருப்பதால் துளை இருக்கும் மட்டத்துக்கே வந்து சேர்வதில்லை. முரட்டுத் தீனி இரண்டு நாள்கள் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும், உள்ளே தங்குவது இதனால்தான்.

கயல்விழி

மிக்க நன்றி ஐயா. மேலே மிதப்பது மட்டுமே வாய்க்கு வருகிறது என்றால், மேலெழுப்பும் விசை எங்கிருந்து கிடைக்கிறது? நான் பார்த்த அந்த விலா அசைவுக்கு இதில் பங்கு உண்டா?

தொழுவ மருத்துவர்

நீங்கள் பார்த்ததுதான் அதன் திறவுகோல். தேன்கூட்டு வயிறு ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை வழக்கமாக அடுத்தடுத்து இரண்டு தடவை சுருங்கும். அசைபோடும் நேரத்தில் மட்டும் அதற்குச் சற்று முன்னதாகக் கூடுதலாக ஒரு சுருக்கம் நிகழ்கிறது. அது உள்ளே இருப்பதை உணவுக்குழாயின் வாய் மட்டத்துக்கு உயர்த்துகிறது. அதே கணத்தில் மாடு குரல்வளையை மூடிக்கொண்டு மூச்சை உள்ளிழுக்க முயல்கிறது. காற்று நுழைய வழியில்லாததால் மார்பறையில் அழுத்தம் சட்டெனக் குறைகிறது. மார்பறை வழியாகச் செல்லும் உணவுக்குழாயிலும் அழுத்தம் குறைவதால், அதன் கீழ்வாய் திறந்து, அங்கே காத்திருக்கும் கூழ் உள்ளே உறிஞ்சப்படுகிறது. அதன்பின் உணவுக்குழாயின் தசைகள் கீழிருந்து மேலாக அலைபோலச் சுருங்கி அதை ஏற்றிவிடுகின்றன. மனிதருக்கு உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி மெதுவாக இயங்கும் தசையால் ஆனது. மாட்டுக்கோ அது முழு நீளத்துக்கும் கைகால் தசைகளைப் போன்ற விரைவான தசையால் ஆனது. அதனால்தான் புடைப்பு அவ்வளவு வேகமாக ஏறியது.

வாய்க்கு வந்தவுடன் ஒருமுறை விழுங்கியதாகச் சொன்னீர்களே, அது கூழோடு வந்த நீரைப் பிழிந்து திருப்பி அனுப்பியது. எஞ்சும் நார்தான் மெல்லப்படுகிறது.

வாந்தி முற்றிலும் வேறு. வாந்தியில் வயிற்றுத் தசைகள் இறுகி அமுக்கும், குமட்டல் இருக்கும், உடல் அதை வெளியேற்றவே முனையும். அசைபோடுதலில் அமுக்கம் இல்லை, உறிஞ்சுதல் மட்டுமே. அமிலம் சுரக்கும் நான்காம் வயிற்றிலிருந்து எதுவும் மேலே வருவதும் இல்லை. ஆகவே நெஞ்செரிச்சல் போன்ற துன்பம் மாட்டுக்கு நேர்வதில்லை.

இவற்றில் பல, மாட்டின் விலாவில் நிலையான திறப்பு அமைத்து நேரில் கண்டறியப்பட்டவை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஷாக், அமடான் என்ற இருவர் 1928இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் முன்னோடியானது. தேன்கூட்டு வயிற்றின் சுவரையும் உணவுக்குழாய் திறக்கும் பகுதியையும் முரட்டு நார் உராய்வதே அசைபோடுதலைத் தூண்டும் முதன்மைக் காரணம் என்று கருதப்படுகிறது. நார் குத்தாவிட்டால் மாட்டுக்கு அசைபோடும் தூண்டுதல் பெரிதும் குறைந்துவிடும் என்று சொல்லலாம்.

இளம்பரிதி

என் புரிதலைத் திருத்தியமைக்கு நன்றி ஐயா. அப்படியானால் ஒரு கேள்வி. நொறுக்குவதுதான் நோக்கம் என்றால், வைக்கோலை நாமே மாவாக அரைத்துக் கொடுத்துவிடலாமே? மாட்டுக்கு நாள்தோறும் பல மணிநேர உழைப்பு மிச்சமாகும், அந்த ஆற்றல் பாலாக மாறும் அல்லவா?

தொழுவ மருத்துவர்

நல்ல கேள்வி. இப்படி எண்ணிப் பலர் இழப்புக்கு ஆளாகியிருக்கிறார்கள். மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணிநேரம் அசைபோடுகிறது. தின்பதற்குச் செலவிடும் நேரம் தனி. அந்த நேரம் முழுவதும் உமிழ்நீர் பெருகிக்கொண்டே இருக்கிறது. நன்றாக நார்த்தீனி தின்னும் வளர்ந்த பசுவுக்கு அது ஒரு நாளில் நூறு லிட்டரைத் தாண்டும். அந்த உமிழ்நீரில் சமையல் சோடாவில் உள்ள அதே பைகார்பனேட் நிறைந்திருக்கிறது. நுண்ணுயிர்கள் தீனியை நொதிக்கச் செய்யும்போது உருவாகும் அமிலத்தை அதுதான் தணிக்கிறது.

மாவாக அரைத்துக் கொடுத்தால் நார் உராய்வதில்லை, அசைபோடும் நேரம் குறைகிறது, உமிழ்நீரும் குறைகிறது. பெருவயிற்றின் அமில நிலையைக் காட்டும் pH எண் வழக்கமாக 6 முதல் 7 வரை இருக்க வேண்டும்; எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். 6க்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகின்றன, 5.5க்குக் கீழே நெடுநேரம் நின்றால் அது நோய். சாணம் தளர்ந்து நுரையோடு போவதும், தீனி எடுப்பது ஒரு நாள் கூடி மறுநாள் குறைவதும், பாலில் கொழுப்பு குறைவதும், சில வாரங்கள் கழித்துக் குளம்பில் நோவு தோன்றுவதும் அதன் அடையாளங்கள். இதில் இன்னொரு கேடும் உண்டு. மாவு உடனே மூழ்குவதால் நுண்ணுயிர்கள் செரித்து முடிப்பதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது. ஆற்றல் மிச்சமாகும் என்று எண்ணியது சாணத்தில் போய்விடும்.

இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு நறுக்கிக் கொடுப்பதில் தவறில்லை. மாடு பொறுக்கித் தின்று மிச்சம் வைப்பதை அது குறைக்கும். பொடியாக்குவதுதான் கேடு.

செல்லம்மாள்

நீங்கள் அனைவரும் எழுதுவதைப் படித்ததும் என் கவலையைக் கேட்கலாம் என்று தோன்றியது. எங்கள் பசு மூன்று நாள்களாகச் சரியாக அசைபோடுவதில்லை. பால் திடீரெனப் பாதியாகக் குறைந்துவிட்டது. படுக்கவே தயங்குகிறது, முதுகைக் கூனிக்கொண்டு நின்றபடியே இருக்கிறது. படுக்கும்போதும் எழும்போதும் முனகுகிறது. தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகிவிடுகிறது. படுத்தால்தான் மாடு அசைபோடும் என்பதால், அதைக் கயிறு கட்டிக் கட்டாயமாகப் படுக்க வைத்தால் சரியாகுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். முன்பு பார்த்த ஒருவர் செரிமானக் கோளாறு என்று பொடி ஒன்றைக் கொடுத்தார், பயன் இல்லை.

தொழுவ மருத்துவர்

அம்மா, தயவுசெய்து கட்டாயமாகப் படுக்க வைக்க வேண்டாம். படுக்காததால் அசைபோடாமல் இருக்கிறது என்று எண்ணுகிறீர்கள். இரண்டையும் தடுப்பது ஒரே வலியாக இருக்கலாம் என்பது என் ஐயம்.

மாடு மெல்லாமல் விழுங்குவதால் தீனியோடு கம்பித் துண்டோ ஆணியோ உள்ளே போவது உண்டு. அவை கனமானவை என்பதால் மிதக்கும் பாயில் தங்காமல் தேன்கூட்டு வயிற்றின் அடியில் விழுந்துவிடும். நான் மேலே விளக்கிய அந்தச் சுருக்கம் ஒவ்வொன்றும் கம்பியைச் சுவருக்குள் குத்தித் தள்ளும். சுருங்கினால் வலிக்கும் என்பதால் சுருக்கங்கள் அடங்கிவிடும். சுருக்கம் இல்லாமல் அசைபோடுவது நடக்காது. முதுகைக் கூனுவதும், படுக்கத் தயங்குவதும், பால் ஒரே நாளில் சரிவதும் இதோடு ஒத்துப்போகின்றன. நல்ல நிலையில் உள்ள மாட்டின் திமிலுக்குப் பின்னால் முதுகுத்தோலைப் பிடித்து அழுத்தினால் அது முதுகைக் கீழே தாழ்த்தும். உங்கள் பசு தாழ்த்த மறுத்து முனகினால் ஐயம் வலுப்படும்.

ஆயினும் எழுத்தில் படித்து நோயை முடிவுசெய்ய முடியாது. இன்றே கால்நடை மருத்துவரை நேரில் அழைத்து, கம்பி விழுங்கியிருக்கலாம் என்ற ஐயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். தேன்கூட்டு வயிற்றுக்கும் இதயத்துக்கும் இடையே உதரவிதானம் மட்டுமே இருக்கிறது. கம்பி முன்னேறினால் இதய உறையைத் துளைத்துவிடும்; அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது மிகக் கடினம். மருத்துவர் வரும்வரை முன்னங்கால்கள் பின்னங்கால்களைவிட உயர்ந்த தளத்தில் இருக்கும்படி நிறுத்தினால், கம்பி முன்னோக்கிச் செல்வது குறையும்.

மாறன்

தலைப்புக்குத் திரும்புகிறேன். படுப்பதைப் பற்றி இன்னும் யாரும் முழுமையாகச் சொல்லவில்லை. பெருவயிறு இடப்பக்கம் இருப்பதால், மாடு இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தால்தான் கூழ் மேலேறுவது எளிது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் மாடுகளும் பெரும்பாலும் அப்படித்தான் படுக்கின்றன.

தொழுவ மருத்துவர்

படுத்துத்தான் அசைபோட வேண்டும் என்ற கட்டாயம் மாட்டுக்கு இல்லை. நின்றும் அசைபோடும், மெதுவாக நடந்துகொண்டும் அசைபோடும். வெயில் கடுமையான நாள்களில் உடல் வெப்பம் வெளியேறுவதற்காக நிற்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டு நின்றபடியே அசைபோடுவதைப் பார்க்கலாம். அசைபோடும் நேரமும் அப்போது குறையும். ஆனால் மாடு ஒரு நாளில் பத்து முதல் பன்னிரண்டு மணிநேரம் படுத்திருக்கும் விலங்கு. அசைபோடுவதற்கு அமைதி தேவை. சிறு அச்சம் தோன்றினாலும் தாடை அக்கணமே நின்றுவிடும். அமைதியான நேரமும் படுத்திருக்கும் நேரமும் ஒன்றாக அமைவதால், அசைபோடுதலின் பெரும்பகுதி படுக்கையில், அதிலும் இரவில் நிகழ்கிறது.

எப்படிப் படுக்கிறது என்பதுதான் இங்கே உண்மையில் முக்கியம். நாய்போலப் பக்கவாட்டில் முழுவதும் சாய்ந்து மாடு நெடுநேரம் கிடப்பதில்லை. மார்பை ஊன்றி, கால்களை மடித்து, முன்னுடலை நிமிர்த்தியே படுக்கிறது. அப்போது பெருவயிற்றில் நீர்மம் கீழும், நார்ப்பாய் நடுவிலும், வாயு மேலுமாக அடுக்கு கலையாமல் இருக்கும்; உணவுக்குழாயின் வாயும் நீரில் மூழ்காமல் இருக்கும். அசைபோடவும் ஏப்பம் விடவும் இது இன்றியமையாதது. பக்கவாட்டில் கிடந்தால் அந்த வாய் நீர்மத்தில் மூழ்கிவிடும். ஏப்பம் வெளியேறாமல் வயிறு உப்பி, நுரையீரலை அழுத்தி, சில மணிநேரத்தில் உயிருக்கே கேடாகும். கன்று ஈன்றபின் சுண்ணாம்புச்சத்துக் குறைவால் எழ முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்துவிடும் பசுவை, மருத்துவர் வருவதற்கு முன்பே வைக்கோல் மூட்டையை அணைகொடுத்து மார்பை ஊன்றி அமர்த்த வேண்டும் என்று வலியுறுத்துவது இதற்காகவே.

இடப்பக்கம் பற்றி மாறன் அவர்கள் சொல்வதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. சினை முற்றிய பசுக்களில் கன்று வலப்பக்கம் இடத்தை அடைப்பதால் அவை இடப்பக்கம் சாய விரும்புவதை நானும் கண்டிருக்கிறேன். மற்றவற்றில் ஒரே மாடே ஒருமுறை இடமாகவும் அடுத்தமுறை வலமாகவும் மாறிப் படுக்கிறது. இருபுறமும் தடையின்றி அசைபோடுகிறது.

கயல்விழி

குதிரையும் புல்தானே தின்கிறது? அது ஏன் இப்படிச் செய்வதில்லை? மேலும், நான் பார்த்த பசு பாதிக் கண் மூடியிருந்தது. தூங்கிக்கொண்டே அசைபோடுமா?

தொழுவ மருத்துவர்

குதிரைக்கு நொதிக்கும் அறை வயிற்றுக்குப் பின்னால், பெருங்குடல் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து வாய்க்குத் திரும்ப வழி இல்லை என்பதால் அது முதல் முறையிலேயே நன்றாக மென்றாக வேண்டும். தீனி அதன் உடலில் விரைவாகக் கடந்துவிடுவதால் நாரிலிருந்து பெறுவது குறைவு. அதை ஈடுசெய்ய நிறையத் தின்கிறது. எது மேலானது என்று என்னைக் கேட்டால் அது தீனியைப் பொறுத்தது என்பேன். மிக மட்டமான காய்ந்த தீனி ஏராளமாகக் கிடைக்கும் இடத்தில் குதிரை சமாளித்துவிடும். மாட்டுக்கோ நார் நொறுங்கும்வரை இடம் காலியாகாது, வயிறு நிறைந்தபடியே மெலியும். மாட்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. தீனியோடு வரும் மண்ணும் மணலும் பெருவயிற்றில் கழுவப்பட்டுக் கீழே படிந்துவிடுகின்றன. மேலே மிதப்பது மட்டும் திரும்பி வருவதால், நெடுநேரம் மெல்லும் அந்த இரண்டாம் மெல்லலில் பற்கள் அவ்வளவாகத் தேய்வதில்லை.

தூக்கத்தைப் பொறுத்தவரை, அரைத்தூக்க நிலையில் அசைபோடும். மூளை அலைகளைப் பதிவுசெய்து இதைக் கண்டறிந்திருக்கிறார்கள். தலையை விலாப்பக்கம் திருப்பிச் சாய்த்து ஆழ்ந்து உறங்கும் சிறு இடைவெளிகளில் தாடை நின்றுவிடும்.

செல்லம்மாள்

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. அன்றே ஒரு கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். முதுகை அழுத்தியபோது பசு தாழ்த்தவே இல்லை. விழுங்கும் காந்தம் ஒன்றை வாய்வழியே செலுத்தி, தொற்றுக்கு ஊசியும் போட்டார். முன்னங்கால் பக்கம் பலகை வைத்து உயர்த்தியிருக்கிறோம். இன்று காலையில் மீண்டும் அசைபோட்டது. ஆனால் சிறிது நேரமே. ஒரு வாய்க்கு முப்பது தடவைதான் மெல்கிறது, இடையில் நிறுத்தியும் விடுகிறது. இது போதுமா?

தொழுவ மருத்துவர்

தொடங்கியதே நல்ல அறிகுறி அம்மா. ஆனால் இன்னும் போதாது. ஒரு வாய்க்கு ஐம்பதை நெருங்க வேண்டும். ஒருமுறை தொடங்கினால் அரை மணிநேரமாவது தொடர வேண்டும். அடுத்த இரண்டு மூன்று நாள்களில் அது கூடவில்லை என்றாலோ, காய்ச்சல் கண்டாலோ, கழுத்து நரம்பு புடைத்து மார்பின் முன்புறம் வீங்கினாலோ காத்திருக்க வேண்டாம். வயிற்றைத் திறந்து கம்பியை எடுக்கும் அறுவை சிகிச்சை பற்றி அந்த மருத்துவரிடமே பேசுங்கள். அதுவரை தீவன மாவைக் குறைத்து, நறுக்கிய காய்ந்த புல்லைச் சிறிது சிறிதாக வையுங்கள்.

மாறன்

செல்லம்மாள் அவர்களின் பசு விரைவில் நலம் பெறட்டும். இடப்பக்கம் குறித்து நான் இன்னும் முழுதாக உடன்படவில்லை ஐயா. எங்கள் தொழுவத்தில் சினையாக இல்லாத மாடுகளும் இடப்பக்கமே மிகுதியாகச் சாய்கின்றன. தரையின் சரிவு அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. சமமான தரையில் கட்டிப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.